‘ஆள் கம்போடியாவில் இருக்கிறான்’ என்றால் வழக்கு முடிந்துவிட்டதா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, ஈரோடு. போன மாதம் ஒரு மாலையில், ‘உங்கள் பான் எண் அப்டேட் ஆகவில்லை, இன்றிரவு நெட்பேங்கிங் நிறுத்தப்படும்’ என்று எஸ்.எம்.எஸ். வந்தது. அதிலிருந்த லிங்கைத் திறந்து யூசர் ஐ.டி., பாஸ்வேர்டு, பான், ஆதார், பிறந்த தேதி எல்லாம் கொடுத்தேன். ஓ.டி.பி. தப்பு, மறுபடி போடுங்கள் என்று ஐந்து முறை கேட்டது. பத்து நிமிடத்தில் 1,86,000 ரூபாய் போய்விட்டது. மறுநாள் காலை சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்தேன். 41,200 ரூபாயை முடக்கியிருப்பதாகப் பிறகு சொன்னார்கள். வங்கியில் ‘ஓ.டி.பி.யை நீங்களே கொடுத்திருக்கிறீர்கள்’ என்று கைவிரித்துவிட்டார்கள். ஸ்டேஷனில் ‘இவனுங்க எல்லாம் கம்போடியாவுல இருக்கானுங்கம்மா, பிடிக்க முடியாது’ என்று சொல்லி ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பினார்கள். இப்போது நான் வாங்கவே இல்லாத 48,000 ரூபாய் கடனுக்குத் தவணை கேட்டுப் போன் வருகிறது. இதற்கு மேல் நான் செய்ய ஏதாவது இருக்கிறதா?

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் அந்தப் பத்து நிமிடத்தில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெளிவாக வேண்டும். வங்கியிடமும் போலீஸிடமும் நீங்கள் பேசப்போவது எல்லாம் அதை வைத்துத்தான்.

நீங்கள் திறந்த பக்கத்துக்குப் பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான், அல்லது ஆள் செய்யும் வேலையைச் செய்யும் ஒரு புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் பாஸ்வேர்டைப் போட்ட அதே நொடியில் அவன் அதை உங்கள் வங்கியின் உண்மையான பக்கத்தில் போட்டான். வங்கி உங்கள் போனுக்கு ஓ.டி.பி. அனுப்பியது. நீங்கள் அதைப் போலிப் பக்கத்தில் போட்டீர்கள், அவன் எடுத்து அங்கே போட்டான், உள்ளே போய்விட்டான். முதல் ஓ.டி.பி. தப்பாக இருக்கவில்லை, அது சரியாகவே வேலை செய்தது. அடுத்தது தேவைப்பட்டதால்தான் ‘தப்பு’ என்று காட்டினார்கள். இரண்டாவது, பணம் பெறுபவராக ஒரு புதுக் கணக்கைச் சேர்ப்பதற்கு. மூன்று, நான்கு, ஐந்து மூன்றும் மூன்று தடவையாகப் பணத்தை அனுப்புவதற்கு. ஐந்து முறை என்ற எண்ணிக்கை அப்படித்தான் வந்திருக்கும்.

இப்போது போனை எடுத்து அந்த ஐந்து எஸ்.எம்.எஸ்.களையும் நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஓ.டி.பி. எண்ணுக்கு முன்னாலோ பின்னாலோ அது எதற்கு என்று ஒரு வரி இருக்கும்: லாகின் செய்ய, பெனிஃபிஷியரி சேர்க்க, இவ்வளவு ரூபாயை இன்னாருக்கு அனுப்ப. அவசரத்தில் நம் கண் ஆறு இலக்கத்தை மட்டும்தான் பார்க்கும். மோசடிக்காரர்கள் நம்பியிருப்பது அதைத்தான். அவற்றை அழித்துவிடாதீர்கள். நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஒரு முழுத் தாளில் நேரம், எங்கிருந்து வந்தது, எதற்கான ஓ.டி.பி., தொகை என்று வரிசையாக எழுதுங்கள். கீழே வங்கி ஸ்டேட்மெண்டிலிருந்து மூன்று பரிவர்த்தனைகளின் UTR எண்களை, அதாவது ஒவ்வொன்றுக்கும் உள்ள தனி அடையாள எண்களை, சேருங்கள். இந்த ஒரு தாள் வங்கிக்கும் ஸ்டேஷனுக்கும் பிறகு கோர்ட்டுக்கும் போகும்.

அந்த லிங்க் உள்ள முதல் எஸ்.எம்.எஸ்.ஸும் அப்படியே இருக்கட்டும். அது ஏதோ பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து வந்திருந்தால் அதுவே ஒரு சாட்சி. இந்தியாவில் வங்கிகள் தங்கள் பெயரில் பதிவு செய்த எழுத்துக் குறியீட்டிலிருந்துதான் செய்தி அனுப்புகின்றன, தனி எண்ணிலிருந்து அல்ல. லிங்கைத் திறக்காமல் நகலெடுத்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இந்த மாதிரி இருக்கும்:

```
https://yourbank.bank.in.pan-update.example/login
```

இதை வாசிக்கும் முறை எளிது. `https://` என்பதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோடு வரைக்கும் மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தச் சாய்கோட்டிலிருந்து இடப்பக்கமாக, பின்னோக்கிப் படியுங்கள். இந்த மாதிரி முகவரியில் கடைசி இரண்டு துண்டுகள்தான் வீட்டுக்காரர், இங்கே `pan-update.example`. அதற்கு முன்னால் உள்ள `yourbank.bank.in` என்பது வாசலில் ஒட்டிய ஸ்டிக்கர், யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். (`.example` இருக்கும் இடத்தில் நிஜத்தில் `.top`, `.xyz` போல ஏதாவது இருக்கும்.) இந்திய வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் `.bank.in` முகவரிக்கு மாறிவிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. ஆகவே வங்கியின் முகவரி `.bank.in` என்று முடிய வேண்டும். நடுவில் எங்கேயாவது இருந்தால் போதாது. பூட்டுப் படம் இருப்பதைப் பார்த்து நம்பியிருந்தீர்களானால், நீங்கள் மட்டும் அல்ல, பலரும் அப்படித்தான். அந்தப் பூட்டு வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்று மட்டும்தான் சொல்கிறது. மறுமுனையில் இருப்பது திருடனா வங்கியா என்று அதற்குத் தெரியாது.

இனி வங்கி. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் தேதிச் சுற்றறிக்கையில் வகுத்த விதிதான் இதற்கு அடிப்படை. வங்கியின் தவறும் இல்லாமல், வாடிக்கையாளரின் தவறும் இல்லாமல் பணம் போயிருந்தால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டமே கிடையாது. வாடிக்கையாளரே ரகசிய விவரங்களைக் கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்பட்ட நஷ்டம் அவருடையது. தெரிவித்த பிறகு போனது வங்கியுடையது. உங்களுடையது இரண்டாவது வகை என்று வங்கி சொல்கிறது. மறைத்துப் பேச விரும்பவில்லை: அந்த வாதத்தில் வலு இருக்கிறது. முழுத் தொகையையும் வங்கி தரும் என்று எண்ணி இருக்காதீர்கள்.

ஆனால் வாயால் சொன்ன பதிலோடு திரும்பி வந்ததுதான் சரியில்லை. வாடிக்கையாளரின் பொறுப்பு என்பதை நிரூபிக்க வேண்டியது வங்கி என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. கிளைக்கு எழுத்தில் புகார் கொடுத்து, முத்திரை போட்ட நகல் வாங்குங்கள். அதில் மூன்று கேள்விகள் இருக்கட்டும். புதிதாகச் சேர்த்த பெனிஃபிஷியரிக்கு முதல் நாளில் எவ்வளவு அனுப்பலாம் என்று உங்கள் வங்கியே ஒரு வரம்பு வைத்திருக்கிறதா, வைத்திருந்தால் 1,86,000 எப்படிப் போனது? அன்று மாலை லாகின் ஆன கருவியும் ஐ.பி. முகவரியும் நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்துபவையா? நீங்கள் தெரிவித்த நேரம் வங்கிப் பதிவில் என்ன, அதற்குப் பிறகு ஏதாவது போனதா? முதல் கேள்வியில்தான் வங்கிகள் பெரும்பாலும் தடுமாறும். வரம்பு என்று ஒன்று இருந்து அது மீறப்பட்டிருந்தால், அந்த மீறிய பகுதிக்கு நீங்கள் ஓ.டி.பி. கொடுத்தது மட்டும் காரணமாகாது.

முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, `cms.rbi.org.in` தளத்தில் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் போங்கள். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. போலீஸ் வழக்கு நடப்பது இதற்குத் தடையும் அல்ல.

அடுத்து ஸ்டேஷன். சி.எஸ்.ஆர். ரசீது என்பது மனு வாங்கியதற்கான அத்தாட்சி, எஃப்.ஐ.ஆர். அல்ல. எஃப்.ஐ.ஆர். இல்லாவிட்டால், முடக்கிய 41,200-ஐ மீட்கக் கோர்ட்டில் மனுப் போடவும், போலிக் கடனை மறுக்கவும் கையில் உறுதியான காகிதம் இல்லை. உங்கள் விஷயத்தில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி (மற்றவரின் அடையாளத்தை மோசடியாகப் பயன்படுத்துதல்), 66டி (கணினி வழி ஆள்மாறாட்ட மோசடி) இரண்டும் பொருந்தும். இரண்டுக்கும் மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு, இரண்டும் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடியவை. கூடவே பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) மோசடிப் பிரிவு. ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு: தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். அதனால்தான் உள்ளூர் ஸ்டேஷனில் இதைக் கையில் எடுக்கத் தயங்குகிறார்கள். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கே நேராகப் போங்கள், 1930 கொடுத்த ஒப்புகை எண்ணையும் அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு. அங்கேயும் பதியவில்லை என்றால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் மனு. அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். இரண்டு வழியும் குற்றவியல் நடைமுறைக்கான பி.என்.எஸ்.எஸ். சட்டத்திலேயே இருக்கின்றன.

‘கம்போடியா’ விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காவலர் சொன்னதில் பாதி உண்மை, பாதி ஊகம்.

உண்மைப் பாதி இது. தாய்லாந்து எல்லையை ஒட்டிய மியான்மரின் மியாவடி, கம்போடியாவின் சிஹானூக்வில், லாவோஸின் கோல்டன் டிரையாங்கிள் ஆகிய இடங்களில் மதில் கட்டிய வளாகங்களில் மோசடி ஒரு தொழிற்சாலை போல நடக்கிறது. அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் ‘டேட்டா என்ட்ரி வேலை, நல்ல சம்பளம்’ என்று ஏமாற்றிக் கொண்டுபோகப்பட்டு, பாஸ்போர்ட் பறிக்கப்பட்டவர்கள். 2022-இல் மியாவடியிலிருந்து தமிழ்நாட்டு இளைஞர்களும் மீட்கப்பட்டு வந்தார்கள்.

ஊகப் பாதி இது. அந்த வளாகங்களின் முக்கியச் சரக்கு போலி முதலீடு, ‘டிஜிட்டல் கைது’, ஆன்லைன் டாஸ்க் வேலை போன்றவை. வாரக்கணக்கில் பேசிப் பேசி லட்சக்கணக்கில் கறப்பவை. ‘பான் அப்டேட்’ லிங்க் அனுப்பி ஒரே மாலையில் கணக்கைத் துடைக்கும் வேலை பெரும்பாலும் உள்நாட்டுக் கும்பல்களுடையது. ஜார்க்கண்டின் ஜாம்தாரா, ஹரியானாவின் நூஹ், ராஜஸ்தானின் பரத்பூர் பெயர்களைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். போலிப் பக்கம் இருந்த சர்வர் வெளிநாட்டில் இருந்திருக்கலாம். சில நூறு ரூபாய்க்கு எந்த நாட்டு சர்வரையும் யாரும் வாடகைக்கு எடுக்கலாம். சர்வர் இருக்கும் நாடும் ஆள் இருக்கும் நாடும் ஒன்று அல்ல. விசாரணை தொடங்காத நிலையில் ஆள் கம்போடியாவில் என்று முடிவு கட்ட யாரிடமும் ஆதாரம் கிடையாது.

வெளிநாடு என்றே வைத்துக்கொள்வோம். சட்டம் நின்றுவிடுவதில்லை. குற்றம் செய்தவர் எந்த நாட்டவராக, எந்த நாட்டில் இருந்தாலும், அது இந்தியாவில் உள்ள கணினியைத் தொட்டிருந்தால் இந்தியச் சட்டம் பொருந்தும் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே ‘எங்கள் எல்லைக்குள் வராது’ என்பது காரணமே இல்லை. கஷ்டம் எங்கே என்றால், சட்டம் எட்டும் தூரத்துக்குக் கை எட்டுவதில்லை. ஈரோட்டு இன்ஸ்பெக்டர் இன்னொரு நாட்டில் ஒரு கதவைத் தட்ட முடியாது. ஆதாரம் வேண்டுமானால் நீதிமன்றம் வழியாகவோ, பரஸ்பர சட்ட உதவி ஒப்பந்தம் வழியாகவோ கோரிக்கை தயாராகி, மத்திய உள்துறைக்குப் போய், அங்கிருந்து அந்த நாட்டுக்குப் போய், அங்குள்ள நீதிமன்றம் அல்லது போலீஸ் வழியாகத் திரும்பி வர வேண்டும். மாதங்கள் ஆகும், சில சமயம் வருடங்கள். அதற்குள் சர்வர் பதிவுகள் அழிந்திருக்கும்.

அமெரிக்க நிறுவனங்களிடம் இருக்கும் தகவலிலும் இரண்டு தரம் உண்டு. ஒரு மின்னஞ்சல் கணக்கை யார் பெயரில் திறந்தார்கள், எந்த ஐ.பி.யிலிருந்து நுழைந்தார்கள் போன்ற அடிப்படை விவரங்களை நம் போலீஸ் முறையாகக் கேட்டால் நேரடியாகவே தருவது வழக்கம். கடிதங்களின் உள்ளடக்கம் வேண்டுமென்றால் அமெரிக்க நீதிமன்ற வாரண்ட் வேண்டும். அதற்கு அந்த நீண்ட வழிதான். இணையக் குற்றத்துக்கான புடாபெஸ்ட் உடன்படிக்கை 2004-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதில் சேர்ந்த நாடுகள் ‘பதிவுகளை அழிக்காமல் வையுங்கள்’ என்று ஒன்றுக்கொன்று இரவு பகல் எந்நேரமும் கேட்டுக்கொள்ள வழி உண்டு. இலங்கை 2015-இல் சேர்ந்துவிட்டது, இந்தியா சேரவில்லை. ஐ.நா. 2024 டிசம்பரில் ஏற்ற புதிய உடன்படிக்கை 40 நாடுகள் உறுதிசெய்த பிறகே உயிர் பெறும்.

ஆளையே கொண்டுவருவது இன்னும் கடினம். நாடு கடத்தக் கேட்க, முதலில் அவன் யார் என்று பெயரோடும் முகத்தோடும் தெரிய வேண்டும். செய்தது இரண்டு நாட்டிலும் குற்றமாக இருக்க வேண்டும். இந்தியாவில் சி.பி.ஐ.தான் இன்டர்போல் தொடர்பு. 2025 ஜனவரியில் தொடங்கிய ‘பாரத்போல்’ தளம் வழியாக மாநிலப் போலீஸ் அங்கே கோரிக்கை வைக்கலாம். 1,86,000 ரூபாய்க்காக மட்டும் இத்தனையும் நடக்காது. ஆனால் பணம் போய் விழுந்த அதே வங்கிக் கணக்கு, அதே சிம், அதே இணைய முகவரி வேறு ஐம்பது புகார்களிலும் இருந்தால், ஐம்பதும் சேர்ந்து ஒரே வழக்கின் கனத்தைப் பெறும். எஃப்.ஐ.ஆர். இல்லாத புகார் அந்த வரிசையில் வலுவாக நிற்காது.

இதெல்லாம் ஆளைப் பற்றி. பணத்தின் பாதை வேறு. திருடன் கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில் இருந்தாலும் உங்கள் பணம் முதலில் இந்தியாவில் ஒரு வங்கிக் கணக்கில்தான் விழுந்திருக்க வேண்டும். நெட்பேங்கிங்கில் நேராக வெளிநாட்டுக்கு அவ்வளவு சுலபமாக அனுப்ப முடியாது. அந்த முதல் கணக்குத்தான் மியூல் அக்கவுண்ட் என்று போலீஸ் சொல்லும் வாடகைக் கணக்கு. ஏதோ ஓர் ஊரில் ஒருவர் சில ஆயிரத்துக்குத் தன் பாஸ்புக்கையும் ஏ.டி.எம். கார்டையும் அந்தக் கணக்கோடு இணைந்த சிம்மையும் விற்றிருப்பார். அங்கிருந்து நிமிடங்களில் நான்கைந்து கணக்குகளுக்குப் பிரியும், அவற்றிலிருந்து மேலும் பிரியும். ஒரு பகுதி ஏ.டி.எம்.மில் நோட்டாக வெளியே வரும். ஒரு பகுதி கிரிப்டோவாக மாறும். பெரும்பாலும் கிரிப்டோவான பிறகுதான் அது உண்மையில் எல்லை தாண்டுகிறது.

1930-க்கு அழைத்ததும் நடப்பது இந்தப் பாதையைத் துரத்துவதுதான். உங்கள் UTR எண்ணை வைத்து முதல் வங்கிக்குத் தகவல் போகும். பணம் அங்கே இருந்தால் முடக்குவார்கள். கிளம்பியிருந்தால் எங்கே போனது என்று குறித்து அடுத்த வங்கிக்குத் தள்ளுவார்கள். முடக்குவது என்றால் அந்தக் கணக்கில் அந்தத் தொகைக்கு லியன் போடுவது: கணக்குக்காரர் எடுக்க முடியாது, ஆனால் உங்களுக்கும் தானாக வந்துவிடாது. மாலையில் போன பணத்துக்கு மறுநாள் காலையில் அழைத்திருக்கிறீர்கள். அதற்குள் 1,44,800 கைமாறிவிட்டது, பாதையில் தங்கியிருந்த 41,200 சிக்கியது. அதே இரவில் அழைத்திருந்தால் கூடுதலாகச் சிக்கியிருக்கும் என்பதைக் குறை சொல்ல எழுதவில்லை. 1930 இரவிலும் எடுக்கும் என்பது உங்கள் பள்ளித் தோழிகளுக்குத் தெரியட்டும்.

அந்த 41,200-ஐ எடுக்க ஒரு வழி: எஃப்.ஐ.ஆர். பதிந்த பிறகு, விசாரணை அதிகாரியிடம் எந்த வங்கியில், எந்தக் கணக்கில், எவ்வளவு லியன் என்ற விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். பிறகு மாஜிஸ்திரேட் முன்னால் பி.என்.எஸ்.எஸ். 503-ஆம் பிரிவின் கீழ் (பழைய சட்டத்தில் 457) அந்தத் தொகையை உங்களிடம் ஒப்படைக்கக் கேட்டு ஒரு மனு. உங்கள் ஸ்டேட்மெண்ட், ஒப்புகை எண், எஃப்.ஐ.ஆர். நகல் மூன்றும் இணைப்பு. போலீஸ் ஆட்சேபம் இல்லை என்று சொன்னால் பெரும்பாலும் ஒரு பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு உத்தரவிடுவார்கள். சிக்கல் வருவது, அதே வாடகைக் கணக்கில் இன்னொருவர் பணமும் கலந்திருக்கும்போது; யாருடையது எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். ஆகவே முதலில் போய்க் கேட்பவர் பக்கம் காற்று வீசும். மீதி 1,44,800-க்கு விசாரணை அதிகாரியிடம் விடாமல் கேட்க வேண்டியது இரண்டு: முதல் வாடகைக் கணக்கின் கே.ஒய்.சி. ஆவணங்களை வங்கியிடம் வாங்கினார்களா, ஏ.டி.எம்.மில் பணம் எடுத்த நேரத்தின் கேமரா பதிவை எடுத்தார்களா. கேமரா பதிவு சில மாதங்களில் அழிந்துவிடும். அந்த இரண்டும் இந்திய மண்ணில் இருக்கும் ஆதாரங்கள், எந்த உடன்படிக்கையும் தேவையில்லை.

இப்போது கடன். உண்மையில் இன்றைக்கே தொடங்க வேண்டியது இதுதான், ஏனென்றால் இது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் குற்றம். ஒரு தவணைகூடக் கட்டாதீர்கள். ‘தொல்லை விட்டால் போதும்’ என்று இரண்டாயிரம் கட்டினாலும், கடனை ஒப்புக்கொண்டதாக அதையே காட்டுவார்கள். போனில் வாதாடவும் வேண்டாம். நிறுவனத்தின் பெயரையும் கடன் எண்ணையும் மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டு வைத்துவிடுங்கள்.

பிறகு உங்கள் கடன் அறிக்கையை எடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் எடுக்கச் சொல்வதற்குக் காரணம், எல்லாக் கடனும் எல்லா அறிக்கையிலும் ஒரே நேரத்தில் தெரிவதில்லை. அதில் நீங்கள் வாங்காத கணக்கை மட்டும் பார்த்தால் போதாது. ‘Enquiries’ என்ற பகுதியையும் பாருங்கள். உங்கள் பெயரில் கடன் கேட்டு இன்னும் யார் யார் கதவைத் தட்டியிருக்கிறார்கள் என்று அங்கே தேதியோடு இருக்கும். அறிமுகமில்லாத மொபைல் எண்ணோ முகவரியோ உங்கள் பெயரோடு ஒட்டியிருந்தால் அதையும் குறியுங்கள்.

கடன் கொடுத்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். வாங்கவில்லை என்று மறுப்பதோடு நிற்காமல், கடன் ஒப்பந்தம், கே.ஒய்.சி. ஆவணங்கள், விண்ணப்பத்தின்போது எடுத்த செல்ஃபி, விண்ணப்பித்த மொபைல் எண், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றைக் கேளுங்கள். கடைசியில் கேட்டதுதான் முக்கியம். ஆன்லைனில் தரும் கடன் தொகையைக் கடன் வாங்குபவரின் சொந்த வங்கிக் கணக்குக்குத்தான் நேராகச் செலுத்த வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. பணம் வேறு யார் கணக்குக்காவது போயிருந்தால் நிறுவனம் விதியை மீறியிருக்கிறது, உங்கள் மறுப்பு அங்கேயே நிலைத்துவிடும். உங்கள் பெயரிலேயே உள்ள கணக்குக்குப் போயிருந்தால், அந்தக் கணக்கு நீங்கள் திறக்காதது என்றால், அதுதான் பெரிய ஆபத்து. உங்கள் ஆதாரையும் பானையும் வைத்து ஒரு வாடகைக் கணக்கே திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நாளைக்கு வேறொருவர் இழந்த பணம் அதில் வந்து விழும், போலீஸ் உங்களைத் தேடி வரும். அப்படி இருந்தால் அந்த வங்கிக்கு அன்றே எழுதி முடக்கச் சொல்லி, அந்தக் கடிதத்தை உங்கள் எஃப்.ஐ.ஆரோடு சேர்க்கச் சொல்லுங்கள்.

கடன் அறிக்கை நிறுவனங்களிலும் ‘Dispute’ பதியுங்கள், எஃப்.ஐ.ஆர். நகலோடு. 30 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. தொகை சிறியதுதான். ஆனால் கடிதத்தில் அந்த விதியைக் குறிப்பிட்டால் கோப்பு நகரும்.

பான் எண்ணை மாற்றிக்கொள்ள முடியாது, ஆதார் எண்ணையும் முடியாது. போன தகவல் போனதுதான். அதை யார் எங்கே பயன்படுத்துகிறார்கள் என்று கண்வைப்பதுதான் செய்யக்கூடியது. முதலில் மின்னஞ்சல் பாஸ்வேர்டை மாற்றி இரண்டடுக்குப் பாதுகாப்பு போடுங்கள். மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை ‘மறந்துவிட்டேன்’ என்று சொல்லித் திறக்க அந்த மின்னஞ்சல்தான் சாவி. `myaadhaar.uidai.gov.in` தளத்தில் கைரேகைப் பூட்டைப் போடுங்கள், அதே இடத்தில் ஆதார் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது என்ற வரலாற்றையும் பாருங்கள். `sancharsaathi.gov.in` தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று தெரியும். உங்களுடையது அல்லாததை அங்கேயே மறுக்கலாம். ஜி.எஸ்.டி. தளத்தில் பான் எண்ணைப் போட்டுத் தேடினால் உங்கள் பெயரில் யாராவது கம்பெனி பதிந்திருக்கிறார்களா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஓய்வூதியக்காரர் பெயரில் இரும்பு வியாபாரம் நடப்பது இப்படித்தான் வெளியே வருகிறது. வருமான வரித் தளத்தின் AIS அறிக்கையில் நீங்கள் ஈட்டாத வருமானம் ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்த வருடத்திலிருந்து கடன் அறிக்கைகளை மூன்று மாதத்துக்கு ஒன்று என்று சுற்றுமுறையில் எடுத்தால் வருடம் முழுதும் இலவசமாகவே கண்காணிக்கலாம்.

இன்னொன்று வரப்போகிறது. ஏமாந்தவர்களின் பட்டியலும் விற்பனைக்குப் போகும் சரக்குத்தான். வரும் வாரங்களில் யாராவது சைபர் செல் என்றோ இன்டர்போல் வக்கீல் என்றோ அழைத்து, ‘உங்கள் பணம் கம்போடியாவில் சிக்கியிருக்கிறது, 5,000 ரூபாய் கட்டணம் கட்டினால் விடுவிக்கலாம்’ என்று சொல்லலாம். உங்கள் ஆதார் எண்ணையும், பிறந்த தேதியையும், இழந்த தொகையையும் பைசா சுத்தமாகச் சொல்வார்கள். எண்ணும் தேதியும் நீங்களே அந்தப் பக்கத்தில் கொடுத்தவை, தொகை அவர்களே எடுத்தது என்பதை மறந்துவிடாதீர்கள். போலீஸோ கோர்ட்டோ முடக்கிய பணத்தை விடுவிக்க முன்பணம் வாங்குவதில்லை. வீடியோ காலில் கைது செய்வதும் சட்டத்தில் இல்லை. அப்படி அழைப்பு வந்தால், பணம் எதுவும் போகாத நிலையில், சஞ்சார் சாத்தி தளத்தின் ‘சக்ஷு’ பகுதியில் அந்த எண்ணைப் பதியுங்கள். அதே எண்ணை விசாரணை அதிகாரிக்கும் எழுதிக் கொடுங்கள். சில சமயம் லிங்க் அனுப்பிய கும்பலே இரண்டாவது முறை அழைக்கும். அப்போது அந்த எண் உங்கள் வழக்கிலேயே ஒரு துப்பாகிவிடும்.